ஒரே சாம்பல், இரண்டு நிறம்: கண்காட்சி மேசையில் அசிங்கப்படாமல் காட்டுவது எப்படி

கருப்புப் பின்னணியில் ஒரு சாம்பல் சதுரம், வெள்ளைப் பின்னணியில் அதே சாம்பலில் இன்னொரு சதுரம். கருப்பில் இருப்பது வெளுத்துத் தெரியும், வெள்ளையில் இருப்பது கருத்துத் தெரியும். ஆங்கிலத்தில் சைமல்டேனியஸ் கான்ட்ராஸ்ட் என்பார்கள். பார்க்க ரொம்பச் சின்ன விஷயம், ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம் என்றுதான் அண்ணன் மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைத் தேர்ந்தெடுத்தோம்.

நடந்தது என்னவென்றால், கணினியில் அழகாக வரைந்து, மெசேஜில் கடைக்கு அனுப்பி, கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேஷனும் போட்டு 280 ரூபாய் செலவழித்துவிட்டுப் போய் நின்றோம். மதிப்பெண் போட வந்த ஆசிரியர் தாளை நடுவில் மடக்கி இரண்டு சதுரங்களையும் பக்கத்தில் கொண்டுவந்தார். "இது நிஜமாவே வேற வேற கலர்தானேம்மா?" என்றார். அவர் சொன்னது சரி. பிரிண்டர் ஒரு பக்கம் டோனரைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டிருந்தது. குழந்தை முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் 50 ரூபாய்க்குள் திரும்பச் செய்தோம், அது யார் கேட்டும் அசையவில்லை. அந்த இரண்டாவது முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பிரிண்ட் எடுக்காதீர்கள், ஒரே தாளில் வெட்டுங்கள்

முதல் பொறி இதுதான், பெரும்பாலானவர்கள் இதில்தான் விழுகிறார்கள். லேசர் பிரிண்டரில் சாம்பல் நிற மை என்று தனியாக எதுவும் கிடையாது. கருப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் போட்டுத்தான் சாம்பல் மாதிரி காட்டுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் தெரியும். தாளின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் அந்தப் புள்ளிகள் ஒரே அளவில் விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இங்க்ஜெட்டில் வேறு தொல்லை, மூன்று வண்ணங்களைக் கலந்து சாம்பல் செய்வதால் லேசாகப் பச்சையோ சிவப்போ எட்டிப் பார்க்கும்.

ஸ்டேஷனரி கடையில் வண்ணச் சார்ட் பேப்பர் இருக்கும். கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, நடுத்தரமான சாம்பல் ஒன்று. நான் கொடுத்தது மொத்தம் 45 ரூபாய். சாம்பல் எடுக்கும்போது கடையிலேயே கருப்புத் தாள்மேலும் வெள்ளைத் தாள்மேலும் அதன் ஓரத்தை வைத்துப் பாருங்கள். இரண்டிலிருந்தும் தெளிவாகப் பிரிந்து தெரிய வேண்டும். மிக வெளுத்த சாம்பல் வெள்ளையோடு ஒட்டிப்போகும், மிக அடர்ந்தது கருப்பில் மறைந்துவிடும்.

பளபளப்புத் தாள் வேண்டாம். கருப்புத் தாள் பளபளத்தால் டியூப்லைட் அதில் மின்னி, கருப்பே சாம்பலாகிவிடும், அதோடு விஷயம் முடிந்தது. இதே காரணத்துக்காக லேமினேஷனும் வேண்டாம்.

2. அளவுகள்

கருப்பு 20 செ.மீ. × 20 செ.மீ., வெள்ளை அதே அளவு. இரண்டையும் ஒரு கெட்டி அட்டையில் இடைவெளியில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். சாம்பல் தாளில் மூன்று துண்டுகள் வேண்டும்: 5 செ.மீ. சதுரம் இரண்டு, 5 செ.மீ. அகலமும் 25 செ.மீ. நீளமும் உள்ள பட்டை ஒன்று. அந்தப் பட்டை எதற்கு என்று பிறகு சொல்கிறேன். மீதிச் சாம்பல் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

சதுரத்தைச் சுற்றிப் பின்னணி நன்றாக அகலமாக இருக்க வேண்டும். குறைந்தது சதுரத்தின் அகலம் அளவுக்காவது நான்கு பக்கமும் விடுங்கள். நாங்கள் முதலில் 10 செ.மீ. அட்டையில் 8 செ.மீ. சதுரம் வைத்தோம், வித்தியாசம் சப்பென்று இருந்தது.

இன்னொன்று, கருப்புப் பக்கச் சதுரத்தை மட்டும் ஒட்டுங்கள். வெள்ளைப் பக்கத்தில் வைக்கும் சதுரத்தை ஒட்டாதீர்கள். அதன் ஒரு ஓரத்தில், பின்பக்கமாக, ஒரு மெல்லிய நூலை டேப் போட்டு ஒட்டி வெளியே விடுங்கள். இழுத்தால் நகர வேண்டும். இந்தக் கண்காட்சியில் வேலை செய்யப்போவது அந்த நூல்தான். சதுரம் சுருண்டுகொள்ளாமல் தட்டையாகக் கிடக்கிறதா என்று பாருங்கள், தூக்கி நிற்கும் ஓரம் ஒன்று இருந்தால்கூட அதில் நிழல் விழும், "நிழல்தான் காரணம்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள்.

3. மேசையை எங்கே போடுவது

ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடாதீர்கள். ஜன்னல் பக்கம் இருக்கும் சதுரத்தில் உண்மையிலேயே அதிக வெளிச்சம் விழும், அப்புறம் நீங்கள் காட்டுவது மாயத்தோற்றம் இல்லை, வெறும் ஜன்னல். எங்களுக்குக் கொடுத்த மேசை சரியாக அப்படித்தான் இருந்தது, கேட்டு மாற்றி வாங்கினோம். மாற்ற முடியாவிட்டால் அட்டையைத் திருப்பி, இரண்டு சதுரமும் ஜன்னலிலிருந்து ஒரே தூரத்தில் வருமாறு வையுங்கள். வைத்த பிறகு ஒரு சோதனை: இரண்டு இடத்திலும் ஒரே வெள்ளைத் தாளின் இரண்டு துண்டுகளை வைத்து, பின்னணியை மறைத்துப் பாருங்கள். ஒன்று மங்கலாகத் தெரிந்தால் வெளிச்சம் சரியில்லை.

4. மூன்று நிமிடத்தில் காட்டுவது

வருபவர்கள் ஒரு மேசையில் அதிகம் நின்றால் மூன்று நிமிடம். அதனால் வரிசை முக்கியம்.

முதலில் கேள்வி. "இரண்டும் ஒரே நிறமா?" என்று கேட்காதீர்கள். இணையத்தில் இந்த மாதிரிப் படம் பார்த்தவர்கள் கண்ணால் பார்க்காமலேயே "ஒரே நிறம்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். "எது வெளுப்பாத் தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் கருப்புப் பக்கத்தைக் காட்டுவார்கள்.

பிறகு எதுவும் பேசாமல் நூலை இழுங்கள். வெள்ளையில் கருத்துக் கிடந்த சதுரம் எல்லையைத் தாண்டிக் கருப்புக்குள் போகும்போது கண்முன்னாலேயே வெளுக்கும். பக்கத்தில் இருக்கும் சதுரத்தோடு உரசும் வரை இழுத்தால் இரண்டும் ஒன்றாகிக் கோடுகூடத் தெரியாது. திரும்ப வெள்ளைக்குத் தள்ளினால் மறுபடி கருக்கும். ஒரே துண்டுதான் போய் வருகிறது என்பதால் பிரிண்ட், டோனர், மடிப்பு என்று எந்த வாதத்துக்கும் இடமில்லை. முதல் நாள் எங்களை மடக்கிய அதே ஆசிரியர் இரண்டாம் நாள் நூலைத் தானே வாங்கி நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தார்.

நேரம் இருந்தால் அந்த நீளப் பட்டை. சதுரத்தைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, பட்டையை இரண்டு சதுரங்களையும் மூடி, எல்லையைத் தாண்டிப் பாலம்போலக் குறுக்காக வையுங்கள். வித்தியாசம் பெருமளவு அடங்கிவிடும், ஒரே பட்டையாகத் தெரியும். (முழுக்கப் போகாது, இரண்டு நுனியிலும் லேசான வேறுபாடு இருக்கும், "முற்றிலும் மறைந்துவிடும்" என்று வாய்விடாதீர்கள்.) இப்போது கருப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டுக்கு நேராகப் பட்டையின்மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வையுங்கள். பட்டை இரண்டாகப் பிரிந்ததுபோல் ஆகி, பாதி வெளுத்தும் பாதி கருத்தும் திரும்ப வரும்! எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. பின்னணியும் மாறவில்லை, சாம்பலும் மாறவில்லை, ஒரு பென்சில் போட்டதும் கண் இரண்டு பொருள் என்று முடிவு செய்துவிடுகிறது. வட்டமான வளையத்தை வைத்துச் செய்தால் அதைக் கொஃப்கா வளையம் என்பார்கள்.

ஓட்டை போட்ட அட்டையால் பின்னணியை மறைத்துக் காட்டுவதும் ஒரு வழி. ஓட்டைகள் சதுரத்தைவிடச் சிறிதாக, 4 செ.மீ. அளவில் இருக்கட்டும், பின்னணி ஒரு மயிரிழை எட்டிப் பார்த்தாலும் கெட்டுவிடும்.

5. போனில் படம் எடுத்து நிரூபிக்க வந்தால்

இதற்குத் தயாராக இருங்கள். ஒரு பையன் எங்கள் அட்டையைப் போனில் படம் எடுத்து, நிறம் சொல்லும் ஒரு ஆப்பில் போட்டு, இரண்டு சதுரத்துக்கும் வேறு வேறு எண் வருகிறதே என்று காட்டினான். அவன் பொய் சொல்லவில்லை. இப்போதைய போன் கேமராக்கள் படம் எடுத்ததும் இருண்ட பகுதியைத் தனியாகத் தூக்கி, வெளுத்த பகுதியைத் தனியாக இறக்கி, இடத்துக்கு இடம் சரிசெய்துதான் சேமிக்கின்றன. அதில் சாம்பல் சதுரமும் மாட்டிக்கொள்ளும். அதனால் போன் படம் இதற்குச் சாட்சி ஆகாது, நூலை அவன் கையில் கொடுங்கள்.

6. திரையில் செய்ய வேண்டுமென்றால்

கணினி வைத்துக்கொள்ள அனுமதி இருந்தால் இதை ஒரு கோப்பில் ஒட்டி `grey.svg` என்று சேமித்து உலாவியில் திறந்தால் போதும்.

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg" viewBox="0 0 200 100">
  <rect width="100" height="100" fill="#000000"/>
  <rect x="100" width="100" height="100" fill="#ffffff"/>
  <rect x="38" y="38" width="24" height="24" fill="#808080"/>
  <rect x="138" y="38" width="24" height="24" fill="#808080"/>
</svg>
```

இரண்டு சதுரத்திலும் `#808080`, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128. படமாக மாற்றினால் PNG ஆகச் சேமியுங்கள். JPEG-இல் நிறங்கள் சந்திக்கும் ஓரங்களில் அழுக்குப்போல ஏதாவது படியும். விலை குறைந்த லேப்டாப் திரைகளில் பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும், முக்கியமாக மேலும் கீழும். அதனால் சதுரங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக வைக்காதீர்கள், பக்கவாட்டில் ஒரே உயரத்தில் வைத்து நேராக உட்காரச் சொல்லுங்கள்.

7. எவ்வளவு ஏமாறுகிறோம் என்று அளப்பது

"தெரிகிறது, சரி, எவ்வளவு?" என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு எண் இருந்தால் கண்காட்சி வேறு தரத்துக்குப் போகும். முறை எளிது. கருப்புப் பக்கச் சதுரத்தை 128-லேயே விட்டுவிட்டு, வெள்ளைப் பக்கச் சதுரத்தைப் படிப்படியாக வெளுப்பாக்குங்கள்: `#868686` (134), `#8c8c8c` (140), `#929292` (146), `#989898` (152). ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. காட்டும்போது கேள்வி அதேதான், எது வெளுப்பு? பதில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவும் இடம்தான் அவருடைய கண்ணுக்கு இரண்டும் சமமாகும் இடம்.

வரிசையாக ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். போன தடவை சொன்ன பதிலையே திரும்பச் சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. கலைத்துக் காட்டுங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு தடவையாவது காட்டுங்கள். பெயர், எண், பதில் என்று மூன்று கட்டம் போட்ட ஒரு தாள் போதும், அதுவே பள்ளிக்குக் கொடுக்கும் பதிவேடும் ஆகிவிடும். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

எங்கள் வீட்டில் எனக்கு 140-இல் சமமானது, அண்ணனுக்கு 134, குழந்தைக்கு 146. ஆளுக்கு ஆள் மாறும், திரைக்குத் திரையும் மாறும், கவலைப்படாதீர்கள். ஆனால் 128-க்கும் 140-க்கும் 12 தானே என்று நினைத்துவிட வேண்டாம். திரையின் எண்கள் வெளிச்சத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. 128 என்றால் வெள்ளையின் பாதி வெளிச்சம் இல்லை, சுமார் 22 சதவீதம்தான். 140 என்றால் சுமார் 26 சதவீதம். அதாவது பின்னணியின் தாக்கத்தை ஈடுகட்ட, வெள்ளைப் பக்கச் சதுரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டியிருந்தது.

8. "ஏன்?" என்று கேட்டால்

இந்த இடத்தில்தான் மனப்பாடம் செய்த குழந்தைகள் மாட்டிக்கொள்கிறார்கள். பாடமாக ஒப்பிக்காமல் மூன்று விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும்.

முதலில், கண் ஒளியை அளக்கும் மீட்டர் இல்லை. வெயிலில் வைத்த புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ், வீட்டு அறை 300 லக்ஸ் என்று வையுங்கள். கருப்பு எழுத்து தன்மேல் விழும் ஒளியில் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினாலும், வெயிலில் அது அறைக்குள் இருக்கும் வெள்ளைத் தாளைவிடச் சுமார் 20 மடங்கு அதிக ஒளியை அனுப்புகிறது. ஆனாலும் எழுத்து கருப்பாகத்தான் தெரிகிறது, ஏனென்றால் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறோம். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் வாசலுக்கும் கூடத்துக்கும் இடையே பொருள்களின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். சாம்பல் சதுரத்தில் நடப்பதும் அதே ஒப்பீடுதான், இங்கே அது நம்மைத் தவறாக வழிநடத்துகிறது, அவ்வளவே.

இரண்டாவது, ஒப்பீட்டின் ஒரு பகுதி விழித்திரையிலேயே தொடங்குகிறது. அங்கே ஒரு செல்லுக்கு ஒளி பட்டால் அது பக்கத்துச் செல்களின் குரலை அடக்கும். வெள்ளை சூழ்ந்த சாம்பலுக்குச் சுற்றிலும் அடக்குபவர்கள் அதிகம், கருப்பு சூழ்ந்ததற்கு இல்லை. கண்ணுக்குள் ஒளி சிதறுவதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள், அது எதிர்த்திசையில் போகிறது. வெள்ளையிலிருந்து சிதறும் ஒளி பக்கத்துச் சாம்பலின்மேல் விழுந்தால் அது வெளுக்கத்தானே வேண்டும், நமக்குக் கருக்கிறதே.

அனுபவத்தில் கற்றுக்கொள்வதா இது என்ற கேள்விக்கும் பதில் உண்டு, அதுவும் இந்தியாவிலிருந்து. பிறவிக் கண்புரையால் பல ஆண்டுகள் பார்க்க முடியாமல் இருந்து அறுவை சிகிச்சையில் பார்வை பெற்ற பிள்ளைகளிடம், ப்ராஜெக்ட் பிரகாஷ் என்ற திட்டத்தின் வழியாக, அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹா குழுவினர் இதைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். பார்வை வந்த உடனேயே அந்தப் பிள்ளைகளும் நம்மைப்போலவே ஒன்று வெளுப்பு, ஒன்று கருப்பு என்றுதான் பார்த்தார்கள்.

மூன்றாவது, அக்கம்பக்கத்துச் செல்களின் அடக்குமுறை மட்டுமே கதை இல்லை. பென்சில் வைத்தபோதே அது தெரிந்துவிட்டது. இன்னும் பலமாகக் காட்ட வேண்டுமென்றால் வெள்ளைத் தாளில் 2 செ.மீ. அகலக் கருப்புப் பட்டைகளை 2 செ.மீ. இடைவெளி விட்டு ஆறேழு ஒட்டுங்கள். மீதி வைத்த சாம்பலில் 2 × 5 செ.மீ. துண்டுகள் இரண்டு வெட்டி, ஒன்றைக் கருப்புப் பட்டையின்மேலும் மற்றதை இடைப்பட்ட வெள்ளையின்மேலும் பொருத்துங்கள். கருப்புப் பட்டையில் இருக்கும் துண்டின் நீள ஓரங்கள் இரண்டும் வெள்ளையைத்தான் தொடுகின்றன, ஆகவே அடக்குமுறைக் கணக்குப்படி அது கருக்க வேண்டும். ஆனால் வெளுக்கிறது! எதைத் தொடுகிறது என்பதைவிட எந்தப் பட்டையைச் சேர்ந்தது என்பது இங்கே ஜெயிக்கிறது. இதற்கு வைட் மாயத்தோற்றம் என்று பெயர், வெள்ளை நிறத்துக்காக அல்ல, அதைச் சொன்னவர் பெயர் அது. ஏழாம் வகுப்புக்கு இது போதும், போதாவிட்டால் அதற்கு மேல் நடுவரிடமே திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

9. எப்போது தொடங்குவது, எதைக் கொண்டுபோவது

வெட்டி ஒட்ட இரண்டு மணி நேரம், வீட்டில் ஐந்தாறு பேரிடம் அளக்க இன்னொரு மாலை. ஒட்டிய அட்டையை ஒரு இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் சுருளாது, அதனால் கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னால் தொடங்குவது நல்லது. பையில் கத்தரிக்கோல், டேப், கூடுதல் நூல், மிஞ்சிய சாம்பல் தாள் இவை கட்டாயம் இருக்கட்டும். இழுத்து இழுத்து நூல் சதுரம் மதியத்துக்குள் கசங்கி, விரல் அழுக்கும் ஏறிவிடும், அப்போது புதிதாகக் கடையில் வாங்கும் சாம்பல் பழைய சாம்பலோடு ஒத்துப்போகாது, அதே தாளிலிருந்துதான் வெட்ட வேண்டும். எங்களுக்கு அன்று மூன்று சதுரம் தேவைப்பட்டது.